நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஐந்தாம் வகுப்பில் நாம் அனைவரும் போட்ட கணக்குத்தான். ஆயினும் பெரிய பெரிய அறிக்கைகளில் அது இடறி விழுவதைக் காண்கிறோம். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் கேட்பது எளிதாகும்.

வணிகர்கள் இக்காலத்தில் வாடிக்கையாளரிடம் வினாத்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். வந்த விடைகளைத் தொகுத்து, அழகான அட்டையிட்டு, அறிக்கையாக வெளியிடுகிறார்கள். அவ்வறிக்கையில் மூன்று வகை எண்கள் இருக்கும். முகப்பில், இத்தனை பேரிடம் கேட்டோம் என்னும் மாதிரித் தொகை. அட்டவணையில், இன்ன விடையை இத்தனை பேர் சொன்னார்கள் என்னும் எண்ணிக்கை. அதன் பக்கத்தில் சதவீதம். இம்மூன்றும் தனித்தனியானவை அல்ல. எண்ணிக்கை வகுபடும் எண். மாதிரித் தொகை வகு எண். சதவீதம் என்பது ஈவை நூறால் பெருக்கியது. இவற்றில் எவை இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது தானே வந்துவிட வேண்டும். வராவிட்டால், எங்கோ வகு எண் மாறியிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் ஓர் உதாரணத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

விழுப்புரத்திலும், அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்திலும் ஒரே வணிகருக்குக் கடைகள் உண்டு. மிக்ஸி, கிரைண்டர், குக்கர் போன்ற வீட்டுப் பொருள்கள் விற்பனை. கடையின் பெயர் நமக்கு வேண்டாம். எண்களையும், கணக்கு எளிதாயிருக்கும்பொருட்டு, நானே சிறிது மாற்றி அமைத்திருக்கிறேன். அக்கடையில் கணக்கு எழுதுபவர் என் பழைய மாணவர். ஒரு நாள் அவர் அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது. "குறை சொல்லியும் தீர்க்கப்படாதவர்கள்: விழுப்புரத்தில் 11 சதவீதம், திண்டிவனத்தில் 64 சதவீதம்." இந்த ஒரு வரியைக் கொண்டு, திண்டிவனம் கடையில் நெடுங்காலமாக இருந்துவரும் பொறுப்பாளரை நீக்கிவிடுவதென்று முதலாளி ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்.

"சார், அவர் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால் எண் அப்படிச் சொல்லுகிறதே!" என்றார் மாணவர்.

"தம்பி, எண் எதைச் சொல்லுகிறது என்பதை இன்னும் நாம் கேட்கவேயில்லை" என்றேன்.

இத்தகைய அறிக்கையைக் கையில் எடுத்தவுடன் சதவீதத்தைப் பார்க்கக் கூடாது. முதலில் ஆள்களைத் தேட வேண்டும். முகப்பில் 400 வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தது. உள்ளே முதல் அட்டவணை வயது பற்றியது. 25 வயதுக்குட்பட்டோர் 57 பேர், 26 முதல் 40 வரை 123 பேர், 41 முதல் 60 வரை 84 பேர், அதற்கு மேற்பட்டோர் 36 பேர். கூட்டிப் பாருங்கள், 300தான் வருகிறது. சதவீதங்களோ 19, 41, 28, 12. கூட்டினால் சரியாக நூறு. ஆகவே இந்த அட்டவணை தன்னளவில் நேர்மையானது. இதன் வகு எண் 300. முகப்பில் உள்ள 400 இதற்கு உறவே இல்லாதது. மீதி நூறு பேர் எங்கே போனார்கள்?

கடையில் படிவம் கொடுத்த பதிவேடு இருந்தது; அதைக் கொண்டுவரச் சொன்னேன். விழுப்புரத்தில் 240, திண்டிவனத்தில் 160, ஆக 400 படிவங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்தவை விழுப்புரத்தில் 198, திண்டிவனத்தில் 114, ஆக 312. இவற்றுள் சில வெற்றுத் தாள்கள். சில, ஒரே கைபேசி எண்ணோடு இரண்டாம் முறை வந்தவை. இவ்வாறு விழுப்புரத்தில் 8, திண்டிவனத்தில் 4 தள்ளுபடியாயின. எஞ்சியவை முறையே 190, 110, ஆக 300. கணக்கு நேராகிவிட்டது. கொடுத்தது 400, வந்தது 312, பயன்பட்டது 300. மூன்றும் உண்மையான எண்களே. ஆனால் அறிக்கை எழுதியவர் மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். 'மாதிரி' என்னும் சொல் அந்த அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் பொருள் மாறிக்கொண்டிருந்தது. நான் பார்த்த வரையில், இத்தகைய அறிக்கைகளில் முரண்பாட்டுக்கு முதற்காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதன் விளைவு என்ன என்பதை அடுத்த வினாவில் கண்டோம். விற்பனையாளரின் நடத்தை மனநிறைவு தருகிறதா என்று கேட்டிருந்தார்கள். நிறைவு என்றவர் 204 பேர். ஓரளவு என்றவர் 57 பேர். இல்லை என்றவர் 27 பேர். அறிக்கையின் முன்னுரை, மனநிறைவுற்றோர் 51 சதவீதம் என்றது. அட்டவணை 68 சதவீதம் என்றது. அதற்கு மேலே வரைந்திருந்த வண்ணப் படமோ 71 சதவீதம் என்றது. ஒரே 204 பேர்; மூன்று சதவீதங்கள்! மாணவர் திகைத்துவிட்டார். ஆனால் தலைகீழாக வகுத்துப் பார்த்தால் மாயம் ஒன்றுமில்லை. 204ஐ 400ஆல் வகுத்தால் 51. அதையே 300ஆல் வகுத்தால் 68. இந்த வினாவுக்கு விடை எழுதியவர்கள் மட்டும் 204, 57, 27, அதாவது 288 பேர். அத்தொகையால் வகுத்தால் 70.8; அதை முழுமையாக்கினால் 71.

மூன்றில் எது சரி? முன்னுரையின் 51 தவறு என்றே சொல்வேன். படிவத்தைத் திருப்பித் தராதவர்களையெல்லாம் அது மனக்குறையுள்ளவர்கள் பக்கம் நிறுத்திவிடுகிறது. மற்ற இரண்டும் சரியே. ஆனால் அவை சொல்வது வேறு வேறு. 71 என்பது, இவ்வினாவுக்கு விடை சொன்னவர்களில் இத்தனை பேர் என்பது. 68 என்பது, படிவம் தந்தவர்களில் இத்தனை பேர் என்பது. எதையேனும் ஒன்றைத் தேர்ந்து, அறிக்கை முழுவதும் அதையே பின்பற்றி, இன்னதால் வகுத்தோம் என்று எழுதிவிட்டால் வழக்கே இல்லை.

அதே அட்டவணையில் இன்னொரு குறிப்பும் கிடைத்தது. 68, 19, 9 ஆகிய மூன்றையும் கூட்டினால் 96. நான்கு சதவீதம் குறைகிறது. மாணவர், "முழு எண்ணாக்கும்போது குறைந்திருக்கும் சார்" என்றார். பலர் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது வழக்கம். முழு எண்ணாக்குவதால் கூட்டுத்தொகை 99 என்றோ 101 என்றோ வருவது குற்றமன்று. மூன்று பேர் சமமாகப் பங்கிட்டால் 33, 33, 33 என்று 99 வருவதைப் பார்க்கிறோம் அல்லவா? ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு வரியிலும் மிகுதியாகப் போனால் அரை சதவீதந்தான் கூடவோ குறையவோ முடியும். மூன்று வரிகளில் ஒன்றரை. நான்கு குறைவதற்கு வழியே இல்லை. எனவே அந்த நான்கு சதவீதம் ஆள்களாகத்தான் இருக்க வேண்டும். 300இல் நான்கு சதவீதம் 12. விடை எழுதாமல் விட்டவர்களும் 300 கழித்தல் 288, அதே 12 பேர். 'விடையில்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அட்டவணை நூறாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தோற்றம் ஒன்றும் உண்டு. இக்கடைக்கு ஏன் வருகிறீர்கள் என்ற வினாவுக்கு விலை 58, தரம் 47, அருகாமை 32, தவணை வசதி 27 என்று சதவீதங்கள். கூட்டினால் 164. முதலாளி இதைப் பார்த்து, அறிக்கை முழுவதுமே பொய் என்று ஒரு முறை சினந்தாராம். உண்மையில் இது பிழையே இல்லை. வினாத்தாளைப் புரட்டிப் பார்த்தால், பொருத்தமானவை அனைத்தையும் குறியிடுக என்று இருந்தது. 300 பேர் 492 குறிகள் இட்டிருந்தார்கள். ஆள் ஒருவருக்கு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான குறி. இங்கே வகு எண் ஆள்களா, குறிகளா என்பதுதான் கேள்வி. விலை என்ற 174ஐ 300ஆல் வகுத்தால் அச்சான 58 வருகிறது, ஆகவே ஆள்களே. இத்தகைய வினாவுக்கு நூறு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. வினாத்தாளைப் பாராமல் அறிக்கையை மட்டும் படிப்பவர், குற்றமற்றதைக் குற்றம் என்று கொண்டு, குற்றமுள்ளதைக் கடந்து போய்விடுவார்.

இனி, பொறுப்பாளர் வேலைக்கு உலைவைத்த அந்த வரிக்கு வருவோம். திண்டிவனத்தில் குறை தீராதவர் 16 பேர் என்றும், அது 64 சதவீதம் என்றும் அச்சாகியிருந்தது. எண்ணிக்கையும் சதவீதமும் நம் கையில் இருக்கின்றன. வகு எண்தான் ஒளிந்திருக்கிறது. 16ஐ நூறால் பெருக்கி 64ஆல் வகுத்தால் 25 வருகிறது. திண்டிவனத்தில் விடை தந்தவர் 110 பேர் அல்லவா? பின் இந்த 25 பேர் யார்? வினாத்தாளில், பொருளில் பழுது என்று கடையில் எப்போதேனும் குறை சொன்னீர்களா என்று முதலிலும், சொல்லியிருந்தால் அது தீர்ந்ததா என்று அடுத்தும் கேட்டிருந்தார்கள். குறை சொன்னவர்கள் திண்டிவனத்தில் 25 பேர். அவர்களுள் 16 பேருக்குத் தீரவில்லை. எனவே 64 என்பது குறை சொன்னவர்களில் நூற்றுக்கு 64. வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 64 அன்று.

விழுப்புரத்தில் தீராதவர் 21 பேர், சதவீதம் 11. இதையும் அவ்வாறே திருப்பினோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அச்சான 11 என்பது பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் எதுவாகவும் இருந்திருக்கலாம். பத்தரை என்று கொண்டால் வகு எண் 200. பதினொன்றரை என்று கொண்டால் 183க்குச் சற்றுக் குறைவு. ஆகவே வகு எண் 183க்கும் 200க்கும் இடையில் இருக்க வேண்டும். நம்மிடமுள்ள தொகைகளில் இந்த இடைவெளிக்குள் விழுபவை இரண்டு: பயன்பட்ட 190, திரும்பி வந்த 198. அறிக்கையில் தசமத்துக்குப் பின் ஓர் இடம் விட்டு வைத்திருந்தால் ஐயமே எழுந்திராது. 190ஆல் வகுத்தால் 11.1, 198ஆல் வகுத்தால் 10.6. மாணவர் தொகுப்புத் தாளைத் தேடிப் பார்த்து, 190தான் என்று உறுதி செய்தார். எப்படியாயினும், குறை சொன்னவர்கள் தொகை அந்த இடைவெளிக்கு அருகில்கூட இல்லை. விழுப்புரத்தில் குறை சொன்னவர்கள் 35 பேரே.

இப்போது தெளிவாகிவிட்டது. திண்டிவனத்துக் கணக்கைப் போட்டவர் குறை சொன்னவர்களால் வகுத்திருக்கிறார். விழுப்புரத்துக் கணக்கைப் போட்டவர் விடை தந்தவர் அனைவராலும் வகுத்திருக்கிறார். இருவரும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்தான் அநீதி செய்துவிட்டார். ஒரே அளவுகோலால் அளப்போம். குறை சொன்னவர்களில் என்றால் விழுப்புரம் 35க்கு 21, அதாவது 60 சதவீதம், திண்டிவனம் 64. விடை தந்தவர் அனைவரிலும் என்றால் விழுப்புரம் 11.1, திண்டிவனம் 110க்கு 16, அதாவது 14.5. பதினொன்றுக்கும் அறுபத்து நான்குக்கும் இடையிலிருந்த மலை எங்கே, இந்த மேடு எங்கே!

அந்த அறுபதுக்கும் அறுபத்து நான்குக்கும் உள்ள வேறுபாட்டையும் சிறிது நின்று பாருங்கள். 25 பேரில் ஒருவர் என்பது நான்கு சதவீதம். திண்டிவனத்தில் இன்னும் ஒரே ஒருவருக்குக் குறை தீர்ந்திருந்தால் 15 பேராகி, அதுவும் 60 சதவீதமாகிவிடும். ஒருவருடைய மிக்ஸி பழுது பார்க்கப்பட்டதா இல்லையா என்பதில் ஒரு மனிதரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று நடந்துவருகிறது. அதன் அறிக்கைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 25 முதல் 49 பேரை மட்டும் கொண்டு கணக்கிட்ட சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் இடுவார்கள். 25க்கும் குறைந்தால் சதவீதமே தருவதில்லை; ஒரு நட்சத்திரக் குறி இட்டுவிடுவார்கள். அவ்வழக்கப்படி பார்த்தால் நம் 60, 64 இரண்டுமே அடைப்புக்குள் அடைபட வேண்டியவை.

அவ்வறிக்கைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நான் சொன்ன திருப்பி வகுக்கும் முறையை அங்கே அப்படியே போட்டுப் பார்த்து, பிழை கண்டேன் என்று யாரும் எழுந்துவிடக் கூடாது. பெரிய அரசாங்க ஆய்வுகளில் ஒவ்வொருவர் விடைக்கும், அவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைப் பொறுத்து, ஓர் எடை கொடுத்துச் சதவீதம் காண்பார்கள். அங்கே வெறும் தலை எண்ணிக்கையை வகுத்தால் அச்சான சதவீதம் வராது, வரவும் வேண்டியதில்லை. எடை கொடுத்திருக்கிறார்களா என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கடை அறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. இரு ஊரும் சேர்த்துக் குறை தீராதவர் 37 பேர், 37.5 சதவீதம் என்று முடித்திருந்தார்கள். இதையும் திருப்பினோம். 37 பேர் 37.5 சதவீதமாக வேண்டுமானால் வகு எண் 98க்கும் 99க்கும் இடையில் வருகிறது. 98ஆல் வகுத்தால் 37.8, 99ஆல் வகுத்தால் 37.4. நடுவில் வேறு முழு எண் இல்லை; முக்கால் ஆள் என்று ஒருவர் உலகில் இல்லையே! எந்த வகு எண்ணுக்கும் பொருந்தாத சதவீதம், வகுத்தலால் பிறந்திருக்க முடியாது. பிறகு எங்கிருந்து வந்தது? 64ஐயும் 11ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்கள். வேறு வேறு வகு எண்களில் பிறந்த சதவீதங்களைக் கூட்டிச் சராசரி காண்பது, ரூபாயையும் அணாவையும் சேர்த்து எண்ணிப் பாதியாக்குவது போன்றது. சரியான விடை, குறை சொன்ன 60 பேரில் 37 பேர், அதாவது 61.7 சதவீதம். அல்லது விடை தந்த 300 பேரில் 12.3 சதவீதம். முழு எண்ணிக்கை எந்த ஈவைத் தரும், எதைத் தராது என்று பார்த்து அச்சான எண்களைச் சோதிக்கும் இந்த வழியை, பிரௌன், ஹெதர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2016இல் உளவியல் கட்டுரைகளிலுள்ள சராசரிகளின்மேல் ஏவி, நடக்கவே முடியாத பல எண்களை வெளிக்கொணர்ந்தார்கள். கருவி நம் வீட்டு வகுத்தல்தான்.

எல்லாம் நேரானபின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதைக் கணக்கால் நேராக்க முடியாது. திரும்பி வராத 88 படிவங்கள். விழுப்புரத்தில் 240க்கு 42 வரவில்லை. திண்டிவனத்தில் 160க்கு 46 வரவில்லை. வராதவர்கள் வந்தவர்களைப் போன்றவர்கள்தாம் என்று கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் பத்திரிகை, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. திரும்பியவை 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். யாருக்கு அட்டை போயிற்று என்பதிலும் கோளாறு இருந்தது. யார் திருப்பி அனுப்பினார்கள் என்பதிலும் கோளாறு இருந்தது. இத்தனை லட்சம் என்னும் தொகையின் பெருமை ஒன்றுக்கும் உதவவில்லை.

மாணவர் புதிய அட்டவணை ஒன்றை எழுதிக்கொண்டு போனார். முகப்பில் கொடுத்தது 400, வந்தது 312, பயன்பட்டது 300 என்று மூன்று வரிகள். ஒவ்வொரு வினாவின் தலைப்பிலும், இவ்வினாவுக்கு விடை தந்தோர் இத்தனை பேர் என்று ஒரு குறிப்பு. குறை தீராதவர் பற்றிய இடத்தில் சதவீதத்தையே எடுத்துவிட்டு, விழுப்புரம் 35க்கு 21, திண்டிவனம் 25க்கு 16 என்று எண்ணிக்கையை மட்டும் வைத்தார். முதலாளி அதை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இரண்டு கடையிலுமே பத்துக்கு ஆறு தீரவில்லையா?" என்று கேட்டாராம். இரு கடைகளின் பழுதான பொருள்களும் ஒரே பட்டறைக்குத்தான் போய்வருகின்றன. அடுத்த வாரம் அவர் அந்தப் பட்டறையின் வரவேட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். திண்டிவனத்துப் பொறுப்பாளர் தம் இடத்திலேயே இருக்கிறார். திரும்பி வராத 46 படிவங்களுக்குரியவர்களைத் தேடிப்போய்க் கேட்டுவரும் வேலை இப்போது அவரிடந்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.